கணுக்காலுக்கு மேலே படரும் பழுப்பு

உட்பக்கக் கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே முதலில் ஒரு பழுப்புத் திட்டு தெரியும். எப்போதோ பட்ட காயத்தின் தழும்பு போல இருப்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. மாதங்கள் போகப் போக அது காலைச் சுற்றிப் படர்கிறது. தோல் காய்ந்து செதில் செதிலாக உதிர்கிறது. ராத்திரி படுத்தால் அரிப்பு தூங்க விடுவதில்லை. சொறிந்தால் நீர் கசிகிறது. அப்போதுதான் பலரும் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "படர்தாமரைதான், இதைத் தடவுங்க" என்று ஒரு டியூபை எடுத்துக் கொடுக்கிறார். தடவினால் நாலே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இது பூஞ்சைத் தொற்று அல்ல; யாருக்கும் ஒட்டவும் செய்யாது. காலின் சிரைகள் பலவீனப்பட்டதால் வரும் ஒருவகை எக்ஸிமா. மருத்துவர்கள் 'ஸ்டேசிஸ் டெர்மடைடிஸ்' என்று எழுதுவார்கள். வெரிகோஸ் வெயின், அதாவது நரம்பு சுருட்டல் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். ஆனால் வெளியே நரம்பு எதுவும் புடைத்துத் தெரியாதவர்களுக்கும் வரலாம் என்பதால், 'எனக்குத்தான் நரம்பு சுருட்டல் இல்லையே' என்று ஒதுக்கிவிட முடியாது.

பாதத்திலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது இறுகி, சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்க, சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரையின் அழுத்தம் 80, 90 அளவில் (பாதரச மில்லிமீட்டர்) இருக்கும். நல்ல காலில் பத்தடி நடந்தால் 30க்குக் கீழே வந்துவிடும். வால்வு தளர்ந்துபோன காலில் நடந்தாலும் அந்த அழுத்தம் இறங்குவதில்லை. நாள் முழுக்க அதைத் தாங்கும் நுண்ணிய குழாய்களின் சுவர் வழியாக நீரும் சிவப்பணுக்களும் தசையிடுக்கில் கசிகின்றன. நீர் வீக்கமாகிறது. சிவப்பணுக்கள் சிதைந்து, அவற்றிலிருக்கும் இரும்பு தோலுக்கடியில் படிகிறது. பழுப்பு நிறம் வருவது இந்த இரும்பினால்தான். தேங்கிய நீரும் படிந்த இரும்பும் தோலை உள்ளிருந்து எரிச்சலூட்டுவதால் அரிப்பு வருகிறது.

ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருபது வருடமாக நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். கடையில் உட்கார ஸ்டூல் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிய பிறகு வந்தது. ஆனால் வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மேலாளர் முகம் மாறும் என்பதால் அதில் யாரும் உட்காருவதில்லை. நிற்பதைவிட அசையாமல் நிற்பதுதான் காலுக்குக் கெடுதல். கல்யாண சீசனில் கூட்டத்துக்கு நடுவே ஒரே மேசைக்குப் பின்னால் பத்து மணி நேரம் நின்றால் கெண்டைக்கால் தசைக்கு வேலையே கிடையாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு தோலில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறது. இரண்டு கால்களிலும் பழுப்பு, உள்பக்கம் அதிகம். படர்தாமரையாக இருந்தால் விளிம்பு மட்டும் தடித்து, நடுவே தெளிந்த வட்டம் வட்டமாக வரும். தொடையிடுக்கிலோ கால்விரல் இடுக்கிலோ துணைக்கு இன்னொன்று இருக்கும். இவருக்கு அவை எதுவும் இல்லை.

கடைக்காரர் கொடுத்த டியூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: வீரியம் மிகுந்த ஒரு ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. அரிப்பை அடக்குவது ஸ்டீராய்டு. மற்ற இரண்டுக்கும் இங்கே வேலை இல்லை. அதிலும் நியோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் இந்த மாதிரிக் காலுக்கு நேர் எதிரி. ஏற்கெனவே புண்பட்ட தோல் எதையும் எளிதில் ஒவ்வாமையாக எடுத்துக்கொள்ளும். மருந்தே அரிப்பைக் கிளப்பும், அதற்கு அதே மருந்தை இன்னும் அதிகம் தடவுவார்கள். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு ஆணையிட்டது. ஆனாலும் அவற்றை வாங்குவது பல கடைகளில் இன்றும் எளிது.

ஸ்டீராய்டைப் பார்த்தே பயப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம். 'தோலை உருக்கிவிடும்' என்று பட்டாணி அளவு எடுத்துக் காலெல்லாம் தேய்ப்பார்கள். அரிப்பு அடங்காது, ஆறு மாதம் இழுத்துக்கொண்டே போகும். சரியான அளவில், சரியான நாட்களுக்குப் பூசினால் இந்த நோயின் அழற்சியைத் தணிக்க அதைப் போல ஒன்று இல்லை.

அளவை எப்படிக் கணக்கிடுவது? சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடு இழுத்தால், அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். நம் ஜவுளிக்கடைக்காரர் கையை வைத்து அளந்து பார்த்ததில் ஒவ்வொரு காலிலும் அரிக்கிற இடம் நாலு உள்ளங்கை அளவு வருகிறது. காலுக்கு இரண்டு கோடு, இரண்டு காலுக்கும் நாலு கோடு, அதாவது 2 கிராம். தினம் ஒரு வேளை, இரண்டு வாரம் என்றால் 28 கிராம். 30 கிராம் டியூப் ஒன்று சரியாக முடிய வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் பாதி டியூப் மிச்சமிருந்தால் அவர் போதுமான அளவு பூசவில்லை. மூன்றாவது டியூபை வாங்கப் போகிறார் என்றால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை.

எந்த ஸ்டீராய்டு என்பதை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே மொமெட்டசோன் போன்ற ஒன்றைக் கொஞ்ச நாளைக்குத் தருவது வழக்கம். கிளோபெட்டசால் அதையும்விட வீரியமானது, சுயமாக வாங்கிப் பூசக் கூடியதல்ல. காய்ந்து செதில் உதிரும் தோலுக்கு வழவழப்பான ஆயின்ட்மென்ட் நல்லது. நீர் கசியும்போது க்ரீம். அரிப்பு அடங்கியதும் சட்டென நிறுத்தாமல், ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். மாதக்கணக்கில் தினமும் பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து, லேசாக இடித்தாலே கிழியும். இந்தக் காலில் கிழிந்தால் ஆற வாரங்கள் பிடிக்கும். புண் இருக்கும் இடத்தில் ஸ்டீராய்டு வைக்கவே கூடாது. சுற்றியுள்ள தோலுக்கு மட்டும்தான்.

மாய்ஸ்சரைசருக்கு இப்படி நாள் கணக்கு கிடையாது. அதைத்தான் விடாமல் பூச வேண்டும். நான் கேட்டால் வாசனை இல்லாத, மலிவான வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியையே சொல்வேன். அதில் ஒவ்வாமை தரும் பொருள் அநேகமாக எதுவும் இல்லை. மூலிகை, ரோஜா, கற்றாழை என்று அட்டையில் எத்தனை பெயர் கூடுகிறதோ அத்தனைக்கு இந்தக் காலுக்கு ஆபத்தும் கூடுகிறது. லானோலின், அதாவது ஆட்டு ரோமக் கொழுப்பு கலந்ததையும் தவிர்க்கலாம். யூரியா கலந்தது காய்ந்த தோலுக்கு நல்லதுதான். வெடித்த தோலில் எரியும்.

குளித்துவிட்டு ஈரம் முழுக்க உலர்வதற்குள் பூசுங்கள். முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாக நீவ வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் முடிக்கால்களில் சீழ்ப் பருக்கள் வரும். இரண்டு கால்களுக்கும் நாளைக்கு இரண்டு வேளை பூசினால் வாரத்துக்கு 100 முதல் 200 கிராம் வரை செலவாகும். இத்தனூண்டு டப்பாவை மூன்று மாதம் வைத்திருப்பவர் பூசியதாகவே கணக்கில்லை. ஸ்டீராய்டையும் இதையும் ஒன்றாகக் குழைத்துப் பூசாமல், நடுவே அரைமணி நேரம் விடுங்கள். சோப்பைக் குறைத்து, வெந்நீரை வெதுவெதுப்பாக்கினாலே பாதி வறட்சி போகும். டெட்டால் போட்டுக் கழுவுவதும், அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் அப்புவதும் வேண்டாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பெட்ரோலியம் ஜெல்லி ஊறிய வேட்டியும் புடவையும் போர்வையும் தீயைச் சட்டெனப் பிடிக்கும், துவைத்தாலும் முழுக்கப் போகாது. அடுப்படியிலும் விளக்கேற்றும் இடத்திலும் கவனம் தேவை.

இத்தனை செய்தும் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் மறுபடியும் அரிக்கும். அழுத்தத்தைக் குறைப்பது கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங், அதாவது இறுக்கமான மருத்துவக் காலுறை. காலையில் படுக்கையிலிருந்து இறங்குமுன், வீக்கம் வருவதற்குள் மாட்டி, படுக்கப்போகும்போது கழற்ற வேண்டும். சென்னை வெயிலில் இதை மாட்டச் சொல்வது கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலர் ஒரு வாரத்தில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். முழங்கால் வரையுள்ளதை, அளவெடுத்து வாங்கினால் தாக்குப் பிடிக்க முடியும்.

ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை அவசியம். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அடைபட்டிருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் வரும் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் எளிய சோதனை இதைச் சொல்லிவிடும். சிரைகளுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் எந்த வால்வு கெட்டிருக்கிறது என்று தெரியும். தேவைப்பட்டால் லேசர் மூலம் அந்தச் சிரையையே மூடிவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கால் வீக்கத்துக்கு அந்த மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம்.

நம் ஜவுளிக்கடைக்காரருக்கு இரண்டு வாரத்தில் அரிப்பு போய்விடும். பழுப்பு போகாது. அது இரும்பு என்பதால் ஸ்டீராய்டும் கரைக்காது, முகத்துக்கு விற்கும் வெளுப்பு க்ரீம்களும் தொடாது. காலுறையைத் தொடர்ந்து மாட்டினால் வருடக்கணக்கில் கொஞ்சம் மங்கலாம். நிறம் அப்படியே இருக்கிறதே என்று மருந்தைத் தொடர்ந்து பூசுவதுதான் இவர்களில் பலர் செய்யும் தவறு. பூச வேண்டுமா என்று தெரிந்துகொள்ள அரிப்பையும் செதிலையும் கசிவையும் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையவில்லை என்றால், பூசும் பொருளே ஒவ்வாமை தருகிறதா என்று தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் செய்து பார்ப்பார். கைகளிலும் உடம்பிலும் புதிதாக அரிப்புத் தடிப்புகள் கிளம்பினாலும் காலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்; கால் எக்ஸிமா முற்றும்போது தொலைவிலுள்ள தோலும் கிளர்ந்தெழுவது உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, அரிப்பைவிட வலி அதிகமாக இருந்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான், சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கக் கூடும். கணுக்காலருகே சிறு புண் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அதை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அதற்குச் சரியான கட்டுப் போடத் தெரிந்தவர்கள் வேண்டும்.