காணொலி எத்தனை நாள் பரவும்? அடுத்ததை எப்போது போடுவது?



2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு–பவித்ரா இணையரின் சமையல் காணொலிகள் நாடெங்கும் பரவின. பவித்ரா மலாய்மொழியில் பேசிச் சமைத்தார். ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அதே பாணியில் அடுத்த சமையலும் கிடைத்தது. நம்ம பாடக் காணொலி திடீரென்று பரவினாலும் இதுதான் தேவை. ஆனால், அடுத்ததைப் போட எத்தனை நாள் இருக்கு?

உச்சத்தைத் தொட்ட நாளிலிருந்து மூன்று நாள்களின் பார்வை எண்ணிக்கையை YouTube Studio-வில் Analytics பகுதியிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு 4க்கான ‘வலிமிகும் இடங்கள்’ காணொலி பெற்றோரின் புலனக் குழுக்களில் பரவி முதல் நாள் 4,000, மறுநாள் 2,800, மூன்றாம் நாள் 1,960 பார்வைகள் பெற்றதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் 70 விழுக்காடுதான். அதாவது, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகிறது. இப்படியே போனால் இன்னும் ஏழு நாளில் 200க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே, முதல் இரண்டு மூன்று நாளுக்குள் அடுத்ததைப் போட்டால்தான் பயன்.

இது தோராயக் கணக்குதான். சனி, ஞாயிறில் பள்ளிப் பாடத்துக்குப் பார்வை குறைவது இயல்பு. அதைச் சரிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உச்சத்துக்கு முன் எண்ணிக்கை எப்படி ஏறியது என்பதையும் பாருங்கள். 2008இல் கிரேன், சோர்னெட் என்ற ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான யூடியூப் காணொலிகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் பார்த்து மெல்ல ஏறியவை மெல்லத்தான் இறங்கின. வெளியே யாரோ பகிர்ந்ததால் ஒரே நாளில் எகிறி, பார்த்தவர்கள் மேலும் பகிராமல் விட்டவை வேகமாக விழுந்தன.

அடுத்த காணொலி அதே மாணவரின் அடுத்த கேள்விக்குப் பதிலாக இருக்கட்டும். நம் எடுத்துக்காட்டில் அது ‘வலிமிகா இடங்கள்’. திருக்குறள் கதையைப் போட்டால் வந்தவர்கள் தங்கமாட்டார்கள். புதியதைப் போட்டதும் பழைய காணொலிக்குப் போய், கடைசி 5 முதல் 20 விநாடிக்குள் End screen மூலம் இணைப்புக் கொடுங்கள். கருத்துப் பகுதியின் மேலேயும் இணைப்பைப் பொருத்தி வையுங்கள்.

இரண்டு நாள் கழித்து, புதிய காணொலிக்குப் பார்வையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று Analytics-இல் பாருங்கள். End screens, Suggested videos ஆகியவற்றில் பழைய காணொலியின் பெயர் இருந்தால் இணைப்பு வேலை செய்கிறது. இல்லையென்றால், முதலில் தலைப்பை மாற்றிப் பாருங்கள். பழைய காணொலியின் தொடர்ச்சி இது என்பது தலைப்பிலேயே தெரியணும்.