கடைக் கணக்கு – 7: எவ்வளவு வாங்குவது, எப்போது வாங்குவது?

புதுவாயலில் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையோரம் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள்தான் வாடிக்கை. அவர்கள் ஓயாமல் கேட்பது நாலு இஞ்ச் கட்டிங் வீல். நாளுக்கு 20 போகிறது. கடை திறக்கும் 300 நாளுக்கு 6,000. கொள்முதல் விலை 20 ரூபாய். சரக்கு பாரிமுனையிலிருந்து வருகிறது.

ஒவ்வொரு முறை சரக்கெடுக்கவும் வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி என 270 ரூபாய் ஆகிறது. ஒரு வீலை வருடம் முழுக்க அலமாரியில் வைத்திருந்தால், முடங்கிய பணத்துக்கு வட்டியும் சேதாரமும் சேர்த்து 4 ரூபாய். அடிக்கடி வாங்கினால் முதல் செலவு ஏறும். மொத்தமாக வாங்கினால் இரண்டாவது ஏறும். இரண்டையும் கூட்டினால் எந்த அளவில் மிகக் குறைவு?

இதற்கு 1913-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் ஒரு சூத்திரம் எழுதினார்:

வாங்கும் அளவு = √(2 × ஆண்டு விற்பனை × ஒருமுறை கொள்முதல் செலவு ÷ ஒன்றை ஓராண்டு வைத்திருக்கும் செலவு)

நம் கடைக்கு: √(2 × 6,000 × 270 ÷ 4) = 900. கொள்முதல் செலவு ஆண்டுக்கு 1,800, இருப்புச் செலவு 1,800, ஆக 3,600 ரூபாய்.

அதற்காக 900-ஐப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 600 வாங்கினாலும் 1,350 வாங்கினாலும் செலவு 3,900தான். வருடத்துக்கு 300 ரூபாய் வித்தியாசம். கையில் பணம் குறைவென்றால் தயங்காமல் 600 வாங்கலாம்.

எப்போது ஆர்டர் போடுவது என்பதில் இந்தச் சலுகை கிடையாது. சரக்கு வர வழக்கமாக 4 நாள். அதற்குள் 80 விற்கும். ஆகவே இருப்பு 80-க்கு வந்ததும் ஆர்டர் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் ஏதாவது ஆலை பராமரிப்புக்காக மூடப்படும் வாரத்தில் நாளுக்கு 30 போகும். அதே வாரம் லாரி தாமதமானால் 6 நாள். 30 × 6 = 180. அந்த மேல்மிச்சம் 100 தான் காப்பு இருப்பு. ஆர்டர் போடும் கோடு 180. காப்பு இருப்புக்கு ஆகும் செலவு வருடத்துக்கு 400 ரூபாய். வீல் இல்லையென்று திரும்பும் ஒப்பந்தக்காரர் வெல்டிங் ராடையும் கையுறையையும் சேர்த்து அடுத்த கடையில் வாங்கிவிடுவார்.

தினமும் எண்ண வேண்டியதில்லை. கடைசி 180 வீலைத் தனியாகக் கட்டி, மேலே சிவப்பு அட்டை வையுங்கள். கட்டைப் பிரிக்கும் அன்றே ஆர்டர் போக வேண்டும். புதுச் சரக்கு வந்ததும் மறுபடி 180 கட்டி, பழையதை முதலில் விற்றுவிடுங்கள்: வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும்.

இந்த வாரம் உங்கள் கடையில் வேகமாகப் போகும் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதப் பில்லைப் புரட்டி, அதிகம் விற்ற நாளையும் சரக்கு வர அதிகம் தாமதமான முறையையும் குறியுங்கள். இரண்டையும் பெருக்கினால் உங்கள் கோடு கிடைத்துவிடும்.