பணிவரையறையும் பணிநடப்பும்: அங்கன்வாடிப் பணியாளரின் பங்குக் குழப்பம்

முன்னுரை

ஒரு பணியாளரிடம் பிறர் எதிர்பார்க்கும் நடத்தையின் தொகுதியே 'பங்கு' எனப்படும். இராபர்ட் கான் முதலியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, பங்குத் தெளிவின்மையையும் பங்கு முரணையும் வேறுபடுத்திக் காட்டியது. செய்ய வேண்டியது இன்னதென்று அறியாமை முன்னது. ஒன்றைச் செய்தால் மற்றொன்றைச் செய்ய இயலாத நிலை பின்னது. இவ்வேறுபாட்டை அங்கன்வாடிப் பணியாளரின் பணிச்சூழல் தெளிவாக்குகிறது.

வரையறையும் நடப்பும்

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் ஆறு சேவைகளை வகுத்தது. அவை இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, பரிந்துரைச் சேவை, ஊட்டச்சத்து மற்றும் நலக்கல்வி என்பன. நடைமுறையிலோ பணியாளர் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் அமர்த்தப்படுகின்றனர். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் பதிவிடும் பணியும் சேர்ந்தது.

எடுத்துக்காட்டாக, மாத இறுதியின் ஒரு முற்பகலைக் கொள்ளலாம். மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் கற்பிக்க வேண்டிய நேரம் அது. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அன்றே பதிவேற்றுமாறு மேற்பார்வையாளர் கேட்கிறார். வாக்காளர் படிவங்களை மாலைக்குள் ஒப்படைக்குமாறு தேர்தல் பிரிவு கேட்கிறது. மூன்று கடமைகளையும் பணியாளர் அறிவார். ஆகவே இது தெளிவின்மையன்று, முரண்.

கைவிடப்படுவது எது?

பணியாளர் பணிகளைச் சிறப்பு நோக்கி வரிசைப்படுத்துவதில்லை. தவறினால் நேரும் விளைவை நோக்கியே வரிசைப்படுத்துகிறார். வாக்காளர் பட்டியல் பணியில் தக்க காரணமின்றிக் கடமை தவறுதல், 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. எடைப் பதிவு விடுபட்டால் செயலி அதனைக் காட்டிவிடும். சொல்லப்படாத கதைக்கோ தண்டனையும் இல்லை, தடயமும் இல்லை. எனவே முதலில் விடுபடுவது முன்பருவக் கல்வியே. பதிவேடுகள் நிறைந்திருக்க, குழந்தைகள் உதவியாளரின் பொறுப்பில் வெறுமனே அமர்ந்திருப்பது இதன் அடையாளம்.

தீர்வின் எல்லை

பணிவரையறையைத் திருத்தி எழுதுதல் தெளிவின்மையை நீக்கும், முரணை நீக்காது. கூடுதல் பணி வேறொரு சட்டத்தின் வழியே வேறோர் அலுவலரிடமிருந்து வருவதே காரணம். இதற்குப் பயன்படும் முன்மாதிரி ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியர்களை வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியில் விடுமுறை நாள்களிலும் கற்பித்தல் இல்லாத நாள்களிலும் ஈடுபடுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2007இல் கூறியது. அத்தீர்ப்பு பணியை மறுக்கவில்லை. கற்பித்தல் நேரத்தைக் காத்தது.

முடிவுரை

பங்கு முரணை ஆராய்வோர் பணிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. ஒரே நேரத்தைக் கோருவோர் யாவர், ஒவ்வொருவரின் கோரிக்கையும் தவறினால் நேர்வது என்ன என்பவற்றையும் அறிதல் வேண்டும். அங்கன்வாடியில் அவ்விழப்பு பணியாளரோடு நிற்பதில்லை. முறையிட இயலாத குழந்தையின் கற்றல் நேரமாக அது கழிகிறது.