ஆயிரம் கன்றின் கணக்கு

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு அறிக்கையில் பளபளப்பான படங்களோடு வரும் பக்கம் மரம் நடும் பக்கம்தான். ஒரே நிற டீ-ஷர்ட் போட்ட ஊழியர்கள், கையில் ஆளுக்கொரு கன்று, கீழே கொட்டை எழுத்தில் ஓர் எண். கடைசியில் நான்கைந்து பேருக்கு நன்றி. இந்த எண்ணையும் நன்றியையும் சேர்த்துப் படித்தால் நட்ட இடத்துக்குப் போகாமலே நிறையக் கண்டுபிடித்துவிடலாம்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுதான் இந்தச் செலவுக்கு அடிப்படை. முந்தைய நிதியாண்டில் 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்த கம்பெனியும் இதற்குள் வரும். சொத்து மதிப்பு, விற்றுமுதல் என்று வேறு இரண்டு வரம்புகளும் உண்டு. உள்ளே வந்துவிட்டால், கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் செலவிட வேண்டும். ஆண்டுக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது. மரத்துக்கு அதுவே வில்லங்கம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் நடுவார்கள். மார்ச் கடைசியில் எண்ணினால் ஏறக்குறைய எல்லாமே பச்சையாக நிற்கும். கன்று பிழைக்குமா என்று தீர்மானிக்கிற கோடை அப்போதுதான் தொடங்குகிறது. அறிக்கையோ அச்சுக்குப் போய்விட்டது. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்காக நடுவது இன்னொரு வகை. மேற்கு மாவட்டங்களை விட்டால், அந்தக் கன்றுகள் நல்ல மழைக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். தேதியைப் பார்த்தாலே யாருடைய வசதிக்கு நட்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது பரப்பு. பத்தடிக்குப் பத்தடி இடைவெளி விட்டால் ஓர் ஏக்கருக்கு 435 கன்று பிடிக்கும். ஐந்து ஏக்கரில் பத்தாயிரம் என்று போட்டிருந்தால், கன்றுக்குக் கன்று ஐந்தடிகூட இல்லை. மியாவாக்கி முறையில் வேண்டுமென்றே நெருக்கி நடுவதுண்டு. அப்படியானால் அறிக்கை அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு கம்பெனி ஆயிரம் கன்று நட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் கோடையில் 300 போய்விட்டன. மழை வந்ததும் பாடுவாசி நிரப்புகிற மாதிரி, காய்ந்த குழிகளில் புதிதாக 300 வைத்தார்கள். அடுத்த ஆண்டு புதியவற்றில் 100, பழையவற்றில் 50 காய்ந்தன. இப்போது நட்ட மொத்தம் 1,300, நிற்பது 850. குழிக்கணக்கில் இது 85 சதவீதம், நட்ட கன்றுக் கணக்கில் 65 சதவீதம். இரண்டும் பொய்யில்லை. எந்தக் கணக்கு என்று சொல்லாமல் ஒரு சதவீதத்தை மட்டும் போடுவதுதான் கண்கட்டு. ‘1,300 மரங்கள்’ என்று முடித்துக்கொள்கிறவர்களோடு ஒப்பிட்டால் அதுகூடப் பரவாயில்லை.

உயிரோடு இருப்பதை எண்ணுவதும் லேசான வேலையில்லை. கோடையில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்பதெல்லாம் பட்டுப்போனதல்ல. தண்டில் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பட்டைக்குள் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, காய்ந்த பழுப்பாக இருந்தால் போய்விட்டது. பட்டதைப் பிடுங்கிப் பார்த்தால் சில சமயம் காரணமும் கையோடு வரும். நாற்றங்காலில் இருந்து வந்த கறுப்பு பாலித்தீன் பையைக் கிழிக்காமல் அப்படியே குழிக்குள் வைத்திருப்பார்கள். வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். நூறு பேர் ஒரு காலை நேரத்தில் அவசரமாக நடுகிற இடத்தில் இது நடக்கக்கூடியதுதான்.

பிறகு நன்றிப் பகுதி. என்னைக் கேட்டால் அறிக்கையிலேயே கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். நிலம் தந்தது ஊராட்சி, கன்று தந்தது வனத்துறை நாற்றங்கால், நட்டது ஊழியர்கள், பராமரிப்பது ஒரு தொண்டு நிறுவனம் என்று பெயருக்கு நேரே வேலையும் இருந்தால் சரி. வெறும் பெயர்ப் பட்டியல் என்றால் தண்ணீர் ஊற்றுவது யார் என்று தேடுங்கள். கன்றுக்குப் பத்து லிட்டர் என்றாலும் ஆயிரம் கன்றுக்கு ஒரு நடைக்குப் பத்தாயிரம் லிட்டர், அதாவது ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் வேண்டும். வேலி இல்லாத இடமென்றால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் லாரிக்கும் எத்தனை மாதத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்ற வரி இல்லையென்றால் மேலே உள்ள எண்ணை நம்புவது கஷ்டம். இன்னொன்று: நன்றி சொல்லப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் அதே ஆயிரம் கன்றைத் தங்கள் அறிக்கையிலும் எழுதிக்கொண்டால், ஆயிரம் நான்காயிரமாகிவிடும்.

ஓராண்டுக்குள் செலவை முடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரை தொடரும் திட்டமாக இதை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனிக்கு இணையதளம் இருந்தால், இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களை அதில் வெளியிட வேண்டும் என்பதும் விதி. உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தால், போன ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டு அறிக்கையையும் எடுத்து, அதே இடத்துக்கு இரண்டாவது கோடைக்குப் பிறகு ஏதாவது எண் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.