பதினெட்டு லட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு?

நாமக்கல் கோழித்தீவன நிறுவனம் ஒன்று முதுநிலை விற்பனை மேலாளருக்கு ஆஃபர் லெட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். அதில் 12 லட்சம் நிலையானது, 6 லட்சம் வேரியபிள். நோட்டீஸ் 90 நாள்.

மாதம் ஒரு லட்சம் உறுதி என்று வீட்டில் பேச்சு எழும். அந்த ஒரு லட்சத்துக்குள்ளேயே முதலாளி கட்டும் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் அடக்கம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் அவை 6,000, சுமார் 2,400. ஊழியரின் பி.எஃப். பங்கு இன்னொரு 6,000. வருமான வரிக்கு முன்பே தொகை 85,600 பக்கம் இறங்கிவிடும்.

இதையாவது கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். என் கவலையெல்லாம் அந்த 6 லட்சத்தைப் பற்றித்தான்.

இந்தப் பகுதியில் தீவனம் பெரும்பாலும் கடனுக்குத்தான் போகிறது. முட்டை விற்ற பிறகுதான் பண்ணைக்காரர் பாக்கியைத் தீர்ப்பார். அதனால் வேரியபிள் தொகை அனுப்பிய டன்னுக்கா, வசூலான பணத்துக்கா என்பது கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வசூலுக்குத்தான் என்றால் புரட்டாசியை நினைத்துப் பாருங்கள். அசைவம் குறைந்து முட்டை விலை சரிந்தால் பாக்கியும் தள்ளிப்போகும். எல்லாக் காலாண்டுக்கும் ஒரே இலக்கு வைத்தால் அந்த நட்டம் மேலாளர் தலையில்தான் விழும். அவர் வருவதற்கு முன்பே தேங்கிப்போன பழைய பாக்கியும் அவர் கணக்கில் சேருமா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது, கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'வேரியபிள், வழங்கும் நாளில் பணியில் இருந்து, நோட்டீஸில் இல்லாதவருக்கு மட்டும்.' நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. தணிக்கை முடிந்து ஜூலைக் கடைசியில்தான் தொகை வரும். மே 10-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால் 90 நாள் ஆகஸ்ட் 8 வரை ஓடும். முழு ஆண்டும் உழைத்து இலக்கை முடித்தவர், பணம் வரும் நாளில் நோட்டீஸில் இருப்பார். 6 லட்சமும் போய்விடும். தொகை வரும்வரை காத்திருந்து ராஜினாமா கொடுக்கலாம்தான். ஆனால், புதிய நிறுவனம் அக்டோபர் கடைசிவரை இடத்தை வைத்திருக்குமா?

இப்படிப் பிடித்து வைக்காவிட்டால் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார்கள் முதலாளிகள். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால், நோட்டீஸ் காலமும் வேரியபிள் விதியும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இன்றி நீக்கத் தடை போடுகிறது. ஆனால், மேலாளரைப் போல நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே அவருக்குத் துணை அந்தக் கடிதம்தான். கையெழுத்துக்கு முன் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லலாம்: முடிந்த நிதியாண்டின் வேரியபிள் நோட்டீஸில் இருந்தாலும் உண்டு; நோட்டீஸ் நாள் இரு தரப்புக்கும் சமம்; நாளைக் குறைத்துக்கொண்டு பணம் கட்டினால் அது அடிப்படைச் சம்பளக் கணக்கில்.