மேனேஜருக்கு முதலில் யார் சொல்வது?

அலுவலக இணையதளத்தில் ஒரு உள் பணியிட அறிவிப்பு வருகிறது. ஐ.டி. நிறுவனங்களில் இதை ‘ஐ.ஜே.பி.’ என்பார்கள். மனசுக்குப் பிடித்த வேலை. கிடைத்தால் மேனேஜரிடம் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் அவருக்குத் தெரியாமலே போகட்டும் என்று விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறோம். பல நிறுவனங்களில் இந்தக் கணக்கு அன்றைக்கே தப்பிப்போகும். விண்ணப்பம் பதிவானதுமே மேனேஜருக்குத் தானாக ஒரு மெயில் போகும்படி மென்பொருளை அமைத்திருப்பார்கள். அப்படி அமைக்காத இடத்திலும், ஆள் எடுக்கும் மேனேஜர் உங்கள் மேனேஜரை அழைத்து, “ஆள் எப்படி?” என்று கேட்பது சகஜம். எப்படியும் அவருக்குத் தெரியப்போகிறது. யார் வாயால் தெரிகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

டெஸ்டிங் பிரிவில் 22 மாதங்களாக வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். டேட்டா பிரிவுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாள் ஜூன் 12. அவர் முதலில் திறக்க வேண்டியது நிறுவனத்தின் ஐ.ஜே.பி. விதிமுறையை. இருக்கும் பணியில் குறைந்தது எத்தனை மாதம் முடித்திருக்க வேண்டும், கடைசி அப்ரைசலில் என்ன மதிப்பீடு தேவை, மேனேஜரின் ஒப்புதல் வேண்டுமா அல்லது தகவல் போதுமா, தேர்வானபின் எத்தனை நாளில் விடுவிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இவருடைய நிறுவனத்தில் 18 மாதம் போதும், தகவல் சொன்னால் போதும், விடுவிக்க 60 நாள் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, ஜூன் 5 அன்று மேனேஜரிடம் தனியாகப் பத்து நிமிடம் கேட்கிறார். ஒரு மாதம் முன்பே சொன்னால் வெறும் பேச்சாகிவிடும். கடைசி நாளில் சொன்னால் சடங்காகிவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் அவரும் யோசிக்கலாம், நாமும் அவர் சொல்வதைக் கேட்கலாம்.

பேச்சில் ஒரு சொல் முக்கியம். “அப்ளை பண்ணட்டுமா சார்?” என்று கேட்டால் அது அனுமதி. “இப்ப வேண்டாம்” என்று பதில் வந்துவிட்டால், அதன்பிறகு விண்ணப்பிப்பது அவர் பேச்சை மீறியதாகிவிடும். ஒப்புதல் கட்டாயம் என்று விதி இருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். தகவல் போதும் என்றால் இப்படிச் சொல்லலாம்: “டேட்டா டீம்ல ஒரு ஐ.ஜே.பி. வந்திருக்கு சார். திங்கட்கிழமை அப்ளை பண்ணலாம்னு இருக்கேன். வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்.” இந்தப் பிரிவில் என்ன குறை என்ற பட்டியலை அங்கே விரிக்கக் கூடாது. விரித்தால் பேச்சு அந்தக் குறைகளின் பக்கம் போய்விடும்.

“ஆகஸ்ட் ரிலீஸை யார் பார்க்கறது?” என்று மேனேஜர் கேட்பார். பெரும்பாலும் கோபத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கவலைதான். மாற்று ஆள் கிடைக்கும்வரை வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதற்கு நாட்காட்டியே விடை தரும். தேர்வு முடிய ஜூலை முதல் வாரம் ஆகும். அதிலிருந்து 60 நாள் என்றால் செப்டம்பர் தொடக்கம். ரிலீஸ் ஆகஸ்ட் 14. “ரிலீஸ் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சுத்தான் சார் நான் கிளம்புவேன். அதுக்குள்ள இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்துடறேன்” என்று தேதியோடு சொல்லும்போது அவர் மறுக்கக் காரணம் குறைகிறது. முடிவு தெரியும்வரை டீமில் சொல்ல வேண்டாம் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். இருக்கைக்குத் திரும்பியதும் பேசியதை இரண்டு வரியில் மெயிலாக அனுப்பிவிட்டால், பின்னால் ‘எனக்குத் தெரியாதே’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

“அப்ரைசல் முடியட்டும், பார்க்கலாம்” என்று இழுத்தால், எந்த மாதம் என்று கேளுங்கள். மாதம் சொல்லாத வாக்குறுதியை நம்பி கடைசி நாளைத் தவறவிட வேண்டியதில்லை.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. நேர்காணல் கட்டம்வரை விண்ணப்பம் ரகசியம் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அங்கே அவசரப்பட வேண்டாம். இதற்குமுன் இப்படிக் கேட்டவரின் மதிப்பீட்டைக் குறைத்துப் பழிவாங்கிய மேனேஜர் என்றால், முதலில் மனிதவளப் பிரிவிடம் பேசி, விதியை எழுத்தில் உறுதிசெய்துகொள்வதே நல்லது.

மற்றபடி முன்கூட்டியே சொல்வதன் பயன், தேர்வானவரைவிடத் தேர்வாகாதவருக்கே அதிகம். தேர்வானவர் கிளம்பிவிடுவார். தேர்வாகாதவர் மறுநாளும் அதே மேனேஜரிடம்தான் வேலை பார்க்க வேண்டும், அடுத்த அப்ரைசலும் அவர் கையில்தான்.