வற்றல் விலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

வரும் முதல் தேதியிலிருந்து குண்டூர் மிளகாய் வற்றல் கிலோவுக்கு 4 ரூபாய் கூடுகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

மாசி, பங்குனியில் வரும் புது வற்றலை, நிறம் மங்காதிருக்கக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தே ஆண்டு முழுவதும் தருகிறோம். கிடங்கு வாடகையும் லாரி வாடகையும் ஏறியதில் கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதல் செலவு. அதில் 2 ரூபாயை நாங்களே ஏற்கிறோம்.

விலையைக் கூட்டாமல், தண்ணீர் தெளித்து எடையில் சரிக்கட்டுவோரும் உண்டு. 40 கிலோ மூட்டையில் 2 கிலோ தண்ணீர் என்றால், அது காய்ந்து குறையும் நஷ்டம் உங்களுக்கே. காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். எங்கள் வற்றலைக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். சலசலக்காத மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

முன்பே தந்த ஆர்டர்களுக்குப் பழைய விலைதான். தவணை நாட்களிலும் மாற்றமில்லை.